முத்தியால்பேட்டையிலிருந்து போர்தோ போன குருகு!

ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அக்கா மகள்தான். பிரான்சில் போர்தோ நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவளைப் போன்ற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து குடும்பத்தில் உண்டு.

"சித்தி, வகுப்புல ஆளுக்கு ஒரு பழைய காதல் கவிதை கொண்டு வரணுமாம். அவங்கவங்க தாய்மொழியிலேருந்து. நாமளே இங்கிலீஷ்ல மாத்தணும். எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன். சின்னதா இருக்கட்டும்!"

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். சின்னதாக என்றதும் எனக்குக் குறுந்தொகைதான் ஞாபகத்துக்கு வந்தது. கடவுள் வாழ்த்து நீங்கலாக மொத்தம் 401 பாட்டு. பெரும்பாலும் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். அதில் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி. சீர் பிரித்து எண்ணினால் பத்தொன்பது. 'ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்' என்று பதில் அனுப்பினேன்.

முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று!

ஐந்து அடிக்குள் ஒரு வழக்கு

முதலில் பாட்டின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலைநாட்டுப் பெண். ஒருவனோடு பழகினாள், யாருக்கும் தெரியாமல். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். நாள் போய்க்கொண்டே இருக்கிறது, ஆளைக் காணோம். அவள் தன் தோழியிடம் பேசுகிறாள். 'நாங்கள் சேர்ந்த அன்றைக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை, அந்தத் திருடன்தான் இருந்தான். அவனே இல்லை என்று சாதித்தால் நான் என்ன செய்வேன்?' என்கிற மாதிரி ஆரம்பிக்கிறாள். அப்புறம் அவளுக்கு ஒரு குருகு நினைவுக்கு வருகிறது. ஓடும் தண்ணீரில் மீனுக்காகக் காத்து நின்ற நீர்ப்பறவை. அதுவும் அன்றைக்கு அங்கே இருந்ததாம். அதோடு பாட்டு முடிந்துவிடுகிறது.

அவள் அழவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. கூப்பிட முடியாத ஒரு சாட்சியின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

இதைக் கேட்ட பெண் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தி, இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதா?" என்றாள். "ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்" என்றேன். "நேத்து நடந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அன்று இரவே சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து ஓர் ஆங்கில வடிவம் எழுதினாள். மறுநாள் வகுப்பில் இரண்டு தோழிகளிடம் காட்டியிருக்கிறாள். ஒருத்தி, "யார் இங்கே பேசுவது? அவளா, கவிஞரா?" என்றாளாம். இன்னொருத்தி, "கடைசியில் திடீரென்று ஒரு பறவை ஏன் வருகிறது? அழகுக்காகவா?" என்றாளாம். அங்கேதான் எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது.

யார், யாரிடம் பேசுகிறார்?

முதல் கேள்வி நியாயமானது. நமக்குக் குறுந்தொகைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டோடும் கூற்றுக் குறிப்பு இருக்கும். இந்தப் பாட்டைச் சொல்வது தலைவி, கேட்பது தோழி, திருமணம் தள்ளிப்போகிற நேரம் என்று அந்தக் குறிப்பு சொல்லிவிடும். அந்த மேடை அமைப்பு மனசில் இருப்பதால்தான் பாட்டு நமக்குப் புரிகிறது. அது இல்லாமல் ஆங்கிலத்தில் போனால், பேர் தெரியாத யாரோ காற்றோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இதற்கு அழகான ஒரு வழி கண்டுபிடித்தவர் ஏ.கே.ராமானுஜன். மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1962-இல் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடிப் போனபோது, உ.வே.சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கண்ணில் பட்டது. அதைப் படித்து, மொழிபெயர்த்து, 1967-இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற புத்தகமாக வெளியிட்டார். 'உள்ளத்து நிலக்காட்சி' என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் பலர் சங்கப் பாட்டை முதன்முதலில் படித்தது அந்தப் புத்தகத்தில்தான்.

அவர் செய்தது இதுதான். கூற்றுக் குறிப்பை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடாமல், பாட்டின் தலைப்பாகவே ஆக்கினார். 'அவள் சொன்னது', 'அவன் சொன்னது', 'தோழி சொன்னது' என்று பொருள்படும் எளிய ஆங்கிலத் தலைப்புகள். படிக்கிறவர் கண்ணுக்கு முன்னால் உடனே ஒரு நாடக மேடை வந்துவிடும். யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடுகிறது.

என் பெண்ணும் அப்படியே ஒரு தலைப்பு வைத்தாள். ஆனால் தோழியை விட்டுவிட்டாள். "அவளையும் சேரும்மா" என்றேன். தோழிக்கு இவள் விஷயம் எல்லாம் தெரியும். வீட்டில் பேசிக் கல்யாணத்துக்கு வழி செய்யக்கூடிய ஆளும் அவள்தான். அவளிடம் சொல்வதால் இது வெறும் புலம்பலாக நிற்காது. 'ஏதாவது செய்யேன்' என்ற வேண்டுதலும் உள்ளே இருக்கிறது. காத்திருக்கும் தலைவி என்றாலே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவள் என்று ஆங்கிலத்தில் படிப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கேட்கிற ஆளை எடுத்துவிட்டால் அப்படித்தான் தெரியும்.

கால் பச்சையா, கறுப்பா?

அடுத்தது குருகு. அவள் எழுதியிருந்த சொல் 'ஈக்ரெட்'. வெள்ளைக் கொக்கு. அவள் மனக்கண்ணில் பளீர் வெள்ளையாக ஒரு பறவை, சோகமாக நின்றுகொண்டிருந்தது.

நான் யோசித்தேன். குருகு என்பது சங்கப் பாட்டில் நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வரும் பெயர். இன்ன இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கபிலர் ஒரு துப்பு கொடுத்திருக்கிறார். அதன் கால் சிறியது, பசுமையானது, தினைப் பயிரின் தண்டு மாதிரி இருக்கும் என்கிறார். வெள்ளைக் கொக்குகளின் கால் பெரும்பாலும் கறுப்பு. ஆகவே 'ஈக்ரெட்' பொருந்தவில்லை.

மறுநாள் காலையில் சோலை நகர் பக்கம் நடக்கப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் மண் நிறத்தில் ஒன்று நின்றது. மடையான். பக்கத்தில் போகிறவரை அசையவே இல்லை. பறந்தால்தான் அதன் வெள்ளை இறக்கை தெரியும். போனை எடுத்துக் காலைப் பெரிதாக்கிப் படம் பிடித்தேன். மங்கலான பச்சை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. மெலிந்த பயிர்த்தண்டின் நிறம்!

படத்தைப் போர்தோவுக்கு அனுப்பினேன். "ஐயோ, இதுவா! இது இருக்கிறதே தெரியாதே சித்தி" என்றாள். அதுதான் விஷயம். பளீரென்று வெள்ளையாக நின்றிருந்தால் அந்தக் காதலர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். இது, இருப்பதே தெரியாமல் நின்ற பறவை. இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: குருட்டுக் கொக்கு. ஆள் கிட்டத்தில் வந்தாலும் பார்க்காத மாதிரி அப்படியே நிற்பதால் வந்த பெயர். அவளுடைய ஒரே சாட்சி, ஊர் வாயில் குருடு என்று பேர் வாங்கியது! கபிலர் மனசில் இதே பறவைதான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் 'ஹெரான்' என்ற பொதுச்சொல்லே சரி, காலின் பச்சையையும் விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

மீன் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது ஆரல் மீனை. வாய்க்காலிலும் ஆற்று மணலிலும் புதைந்து கிடக்கும் நீள மீன். மூக்கு கூராக இருக்கும். ஆங்கிலத்தில் சிலர் இதை 'லாம்ப்ரே' என்று எழுதுவதுண்டு. அதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சித்தி, அது எங்க ஊர் ஸ்பெஷல். ரெட் ஒயின் ஊத்திச் சமைப்பாங்க!" தாடையே இல்லாமல், வட்ட வாயால் மற்ற மீன்களைக் கவ்வி ரத்தம் உறிஞ்சுகிற பிராணி அது. கபிலரின் மலை ஓடையில் அதற்கு வேலை இல்லை. 'ஈல்' என்று போட்டோம். ஆரல் உண்மையான ஈல் இனம் இல்லைதான். ஆனால் வழுக்கி ஓடும் நீள மீன் என்பது படிக்கிறவருக்குக் கிடைத்துவிடும், அதுவரை போதும்.

தினைக்குள் ஒளிந்திருக்கும் மலை

"திணைன்னா நிலம்னு சொன்னீங்க. இப்ப தினைன்னா தானியம்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். எழுத்துத் தெரியாத காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒன்றில் மூன்று சுழி, ஒன்றில் இரண்டு சுழி என்று விளக்கினேன். ஆனால் அந்தக் கேள்வியிலேயே அடுத்த முடிச்சு இருந்தது.

சங்கப் பாட்டில் நிலம் வெறும் பின்னணி ஆகாது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி; அங்கே காதலர் கூடுவார்கள். காடு முல்லை, அங்கே மனைவி கணவன் வருகைக்காகக் காத்திருப்பாள். வயல் மருதம், ஊடல். கடற்கரை நெய்தல், ஏங்கித் தவிப்பது. வறண்ட வழி பாலை, பிரிவு. அந்தக் காலத்துக் கேட்பவருக்கு ஒரு பூவோ பயிரோ காதில் விழுந்தால் போதும். எந்த நிலம், என்ன மனநிலை என்று தானாக விளங்கும்.

இந்தப் பாட்டில் மலை என்ற சொல்லே கிடையாது. நீர், மீன், நீர்ப்பறவை என்று வருகிறது. வெளியூர்க்காரர் யாரும் இதைக் கடற்கரை என்றுதான் நினைப்பார். மலையைக் கொண்டு வருவது அந்த ஒரு தினைத்தண்டு. தினை மலைச்சரிவில் விளைவது. கதிர் முற்றும்போது கிளி கொத்தாமல் விரட்ட வீட்டுப் பெண்களை அனுப்புவார்கள். அங்கேதான் அவன் வருவான். ஆகவே தினை என்றாலே அவர்கள் சந்தித்த இடம். அறுவடை முடிந்துவிட்டால் அவளுக்கு வெளியே வர வேலை இருக்காது, சந்திப்பும் நின்றுவிடும். கபிலர் கதிரைச் சொல்லாமல் தண்டைச் சொல்கிறார். அறுத்த பிறகு காட்டில் எஞ்சி நிற்கும் தண்டு என்று நினைத்துப் பார்த்தால், அவள் நிலைமை அந்த ஒரு உவமையில் முழுசாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'மில்லெட்' என்று எழுதினால் இதெல்லாம் வருமா? வராது. சத்துமாவுக் கடை ஞாபகம்தான் வரும். பக்கம் முழுக்க அடிக்குறிப்பு போடலாம். ஆனால் சிரிப்புத் துணுக்கைச் சொல்லிவிட்டு விளக்கம் கொடுப்பது மாதிரி ஆகிவிடும். அவள் கடைசியில் என்ன செய்தாள் தெரியுமா? 'தினைத்தண்டு' என்பதோடு 'அறுவடைக்குப் பின்' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லை மட்டும் சேர்த்தாள். கபிலர் சொல்லாத சொல்தான். "சேக்கலாமா சித்தி, பாவமா?" என்றாள். "சேர்த்துக்கோ. ஆனா சேர்த்தோம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

திருடன் என்ன திருடினான்?

அவனைக் குறிக்க அவள் சொல்லும் சொல் 'கள்வன்'. ஆங்கிலத்தில் 'தீஃப்'. நேரான சொல்தான். ஆனால் தமிழில் அதற்குப் பின்னால் 'களவு' என்ற சொல்லும் நிற்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய ரகசியக் காதலுக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயரே களவுதான். அதனால் கள்வன் என்னும்போது திருடன் என்ற கோபமும், காதலன் என்ற உறவும் ஒன்றாகக் கேட்கின்றன. ஆங்கிலத்தில் திருட்டு மட்டும்தான் கேட்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பதிப்புகளில் அந்த இடத்தில் 'களவன்' என்று இருக்கும். களத்தில் இருந்தவன், அதாவது நடந்ததைக் கண்டவன் என்று அதற்குப் பொருள் சொல்ல இடம் வரும். எப்படி இந்தக் குழப்பம்? பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'ள்', 'ள' இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு புள்ளி இருந்தால் அவன் திருடன். இல்லாவிட்டால் அவன் சாட்சி!

இந்த மாதிரி விஷயங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் இடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. டுமாஸ் தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியில் சங்க நூல்களின் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் திட்டம் பல வருடம் நடந்தது. ஈவா வில்டன் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கிருந்து 2008-இல் நற்றிணையையும் 2010-இல் குறுந்தொகையையும் வெளியிட்டார். எந்தச் சுவடியில் என்ன பாடம், ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன ஆங்கிலம் என்று வரிக்கு வரி இருக்கும். கவிதையாக ரசித்துப் படிக்க அது எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பவர் தன் காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது வேண்டும். நாங்கள் கள்வனையே எடுத்துக்கொண்டோம். அவள் குரலில் இருக்கும் சூட்டுக்கு அதுதான் பொருந்துகிறது.

'மணந்த' என்றால் என்ன?

எங்களுக்குள் சண்டையே வந்தது 'மணந்த' என்ற சொல்லில்தான்.

இன்றைய காதுக்கு மணந்தான் என்றால் தாலி கட்டினான். 'மேரீட்' என்று எழுதிவிட்டால் பாட்டே கவிழ்ந்துவிடும். கல்யாணம் ஆகிவிட்டது என்றால் அப்புறம் ஏன் கவலை? சங்கத் தமிழில் மணத்தல் என்பதற்குக் கூடுதல், கலத்தல் என்ற பொருள் உண்டு. அப்படியானால் ஆங்கிலத்தில் உடல் உறவைக் குறிக்கும் சொல்லை நேராகப் போடலாமா? போட்டால் அவள் சொல்லாமல் சொன்னது கூச்சல் ஆகிவிடும். இன்னொரு வழி, 'எடுத்துக்கொண்டான்' என்கிற மாதிரியான சின்ன ஆங்கிலச் சொல். அது எனக்குப் பிடித்திருந்தது.

"கூடாது சித்தி" என்றாள் அழுத்தமாக. "இன்னிக்கு அப்படி எழுதினா, அவளுக்கு இஷ்டமில்லாம நடந்ததுன்னு வகுப்புல எல்லாரும் நினைப்பாங்க. அவளுக்கு இஷ்டம் இருந்துச்சு. அவன் சொல்லைக் காப்பாத்தலேங்கிறதுதான் அவளோட கஷ்டம். ரெண்டும் வேற."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருடத்துக்கு முன்பு ஆங்கிலத்தில் சாதாரணமாகப் போன ஒரு சொல் இன்றைக்கு வேறு செய்தி சொல்கிறது. மூலம் மாறுவதில்லை. மொழிபெயர்ப்புக்குத்தான் வயசாகிறது.

'நாங்கள் சேர்ந்த நாள்' என்று போட்டுப் பார்த்தோம். அதுவும் ஒத்துவரவில்லை. மூலத்தில் எழுவாய் அவன். அவன் செய்தான் என்றுதான் அவள் சொல்கிறாள்; பொறுப்பு அவன் தலையில். 'நாங்கள்' என்றதும் குற்றச்சாட்டு கரைந்து போகிறது.

மூன்றாம் நாள் அவளே ஒரு சொல் கண்டுபிடித்து வந்தாள். 'வெட்'. கல்யாணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் வாக்குறுதி, பிணை! சடங்கு இல்லாமல், சாட்சி இல்லாமல், வெறும் வாக்குறுதியால் ஆன கல்யாணம். யாருமே இல்லை என்று முதல் அடியிலேயே சொல்லிவிட்டதால், பந்தல் போட்டு நடந்த கல்யாணம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. கொஞ்சம் பழைய வாசனை அடிக்கிறது; பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம்.

அப்போதே இன்னொன்றையும் கவனித்தோம். பாட்டு முழுக்க அவனை அவள் 'தான்' என்றுதான் சொல்கிறாள். பெயர் இல்லை, 'அவன்' என்றுகூட இல்லை. எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக சைகோன் போனவர். பாட்டி அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. "அவங்க லெத்தர் வந்துச்சா?" என்பார், அவ்வளவுதான். யாரைச் சொல்கிறார் என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. 'தான்' என்பதில் அந்த நெருக்கமும் அந்தத் தூரமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஹீ' என்று போடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தோற்ற இடம் இது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் எது நிற்க வேண்டும்?

தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வரும். பெயர்ச்சொல் பின்னால் வரும். ஆங்கிலத்தில் நேர் எதிர். தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி என்று ராமானுஜன் தன் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

இந்தப் பாட்டில் அது எப்படி வேலை செய்கிறது பாருங்கள். முதலில் தினைத்தண்டு தெரிகிறது. பிறகு சின்னப் பச்சைக் கால். பிறகு ஓடும் நீர், அதில் மீன், பார்க்கும் பார்வை. இவ்வளவுக்கும் பிறகுதான் பறவை என்றே தெரிகிறது. தலை குனிந்து நிற்கிற பெண்ணின் கண் தரையிலிருந்து மெல்ல நிமிர்கிற வரிசை அது. கடைசிச் சொல், அந்த நாள்.

அவளுடைய முதல் வடிவத்தில் 'ஒரு கொக்கு இருந்தது' என்று தொடங்கிக் காலும் நீரும் பின்னால் தொங்கின. பாட்டு மீனில் போய் முடிந்தது! அதனால்தான் அந்தத் தோழி 'பறவை அழகுக்காகவா?' என்று கேட்டிருக்கிறாள். சரிசெய்ய வரிகளைச் சின்னச் சின்னதாக உடைத்தோம். பறவையை முன்னால் கொண்டுவராமல் ஆங்கிலம் நடக்காது. ஆனால் அந்த நாளையாவது கடைசி வரியில் தனியாக நிறுத்த முடிந்தது.

பிறகு ஓர் எழுத்துப் பிரச்னை. 'குருகும்' என்பதில் உள்ள 'உம்'. யாருமே இல்லை என்று சொன்னவள், உடனே குருகும் இருந்தது என்கிறாள். தன்னையே திருத்திக்கொள்கிறாள். 'ஒரு கொக்கு மட்டும் இருந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிக்கச் சீராக இருக்கும். கணக்கும் சரியாக வரும். ஆனால் 'உம்' போய்விடும். மட்டும் என்பது கணக்கு முடிக்கிற சொல். 'உம்' என்பது, வேறு வழியில்லாமல் தேடுகிறவள் கடைசியாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற சொல். மீனைப் பார்த்துக்கொண்டிருந்த பறவை இவளை எங்கே பார்த்திருக்கும்? அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சேர்த்துக்கொள்கிறாள்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர்

இத்தனைக்கும் நடுவில் என் மேசையில் ஒரு புத்தகம் திறந்தபடியே கிடந்தது. ம.இலெ.தங்கப்பா ஐயாவின் 'லவ் ஸ்டாண்ட்ஸ் அலோன்'. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, புதுச்சேரியில் ஆசிரியராக வாழ்ந்து, 2018-இல் இங்கேயே மறைந்தவர். ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பாசிரியராக இருந்து 2010-இல் பெங்குவின் வெளியிட்ட அந்தச் சங்கப் பாடல் மொழிபெயர்ப்புக்கு 2012-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அவர் தமிழிலும் கவிஞர். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். அவருடைய ஆங்கிலத்தைப் படித்தால் அது தெரியும். தடுமாறாமல், பேசுகிற மூச்சில் ஓடும். ராமானுஜன் வரியை உடைத்து நம் கண்ணை நிறுத்துவார். தங்கப்பா ஐயா காதுக்குச் சொல்லுவார். வில்டன் சுவடியைக் காட்டுவார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான், ஐந்தடிப் பாட்டுக்கு ஒரே சரியான ஆங்கிலம் கிடையாது என்பது எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை இருந்து, ஏதாவது ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுக்க நினைத்தால், ஒரு பாட்டை மட்டும் சோதித்துப் பாருங்கள். யார் யாரிடம் சொல்கிறார் என்பது தெரிகிறதா? பூவையும் பறவையையும் எடுத்துவிட்டால் பாட்டு அப்படியே நிற்கிறதா? நின்றால், அந்த மொழிபெயர்ப்பில் நிலம் வெறும் படமாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மூலத்தில் கடைசியில் வருவது இங்கேயும் கடைசியில் வருகிறதா? இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்கிக் கொடுக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் படித்தாள். ராத்திரி போன் வந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"படிச்சு முடிச்சதும் யாரும் கொஞ்ச நேரம் பேசல சித்தி. அப்புறம் ஒரு பையன், 'அவன் திரும்பி வந்தானா?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன். அப்ப, போன வாரம் பறவை அழகுக்காகவான்னு கேட்டா பாருங்க, அவ எழுந்திருச்சா. 'அவன் வரானோ இல்லையோ, அந்தக் கொக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து பாத்திருக்கக் கூடாதா?'ன்னா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சோலை நகர் வாய்க்கால் பக்கம் போனேன். மடையான் அதே இடத்தில், தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தது.